99.8 சதவீதத்தை எப்படிப் படிப்பது?

மெஷின் லேர்னிங் இன்ஜினியர் வேலைக்கு வரும் ரெஸ்யூமேக்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது: "கிரெடிட் கார்டு மோசடியைக் கண்டுபிடிக்கும் மாடல், துல்லியம் 99.8%." இந்த எண்ணைக் கண்டு ஆளெடுப்பவர் மலைத்துப்போக வேண்டியதில்லை.

பெரும்பாலும் இதன் மூலம், கேகிள் தளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய ஒரு தரவுத்தொகுப்பு. 2013 செப்டம்பரில் ஐரோப்பிய கார்டுதாரர்கள் இரண்டு நாட்களில் செய்த 2,84,807 பரிவர்த்தனைகள் அதில் உள்ளன. மோசடி வெறும் 492. எதையுமே ஆராயாமல் 'எல்லாம் சரி' என்று சொல்லும் புரோகிராம்கூட 99.83% துல்லியம் காட்டிவிடும்! எத்தனை மோசடிகளைப் பிடித்தது, எத்தனை நல்ல பரிவர்த்தனைகளை வீணாகச் சந்தேகித்தது என்று எழுதாத வரியில் தகவலே இல்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தொகுப்பின் V1 முதல் V28 வரையிலான பத்திகள், ரகசியம் காப்பதற்காகக் கணித முறையில் உருமாற்றப்பட்டவை. அவற்றின் அசல் பொருள் வெளியிடப்படவில்லை. ஆகவே இன்று ஒரு கடையில் தேய்க்கப்படும் கார்டின் விவரத்தை அந்தப் பத்திகளாக மாற்ற வழியில்லை; இந்த மாடலை எந்த வங்கியிலும் ஓட்ட முடியாது. கற்றுக்கொள்ள அருமையான பயிற்சிதான். ஆனால் அது நோட்புக்கோடு நின்றுவிடுகிறது.

உண்மையில் ஓடிய மாடலைப் பற்றிய வரி வேறு மாதிரி இருக்கும். "முதலில் பழைய விதிமுறைகளுக்குப் பக்கத்திலேயே, முடிவெடுக்க விடாமல் ஓட்டிப் பார்த்தோம். சரிபார்க்கும் குழுவால் ஒரு நாளில் பார்க்க முடிந்த அளவுக்கு ஏற்ப எச்சரிக்கை வரம்பை உயர்த்தினேன்." இங்கே மாடலுக்கு வெளியே மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய நேரம் இருக்கிறது. வேலை செய்தவருக்குத்தான் இந்த நெருக்கடி தெரியும்.

நேர்காணலில் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: "மாடல் சொன்னது சரியா என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?" நோட்புக்கில் விடை முன்கூட்டியே ஒரு பத்தியில் இருக்கும். வங்கியிலோ வாடிக்கையாளர் புகார் செய்த பிறகுதான் மோசடி என்று தெரியவரும். அதற்கு வாரங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் மாடல் கெட்டுப்போனால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், பழைய பதிப்புக்கு எப்படித் திரும்பினீர்கள் என்று தொடர்ந்து கேட்டால், அனுபவம் உள்ளவர் ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைச் சொல்லத் தொடங்குவார்.

டாக்கர், குபர்நெட்டிஸ் என்ற பெயர்களைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை சொந்த மடிக்கணினியிலும் ஓடும். அதேபோல ரெஸ்யூமேயில் எண்கள் இல்லை என்பதற்காக அனுபவசாலியை ஒதுக்குவதும் அநியாயம். மோசடித் தடுப்பு விவரங்களை வெளியில் சொல்ல நிறுவனங்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. அவரிடம் எண்களைக் கேட்காமல், அந்த வேலையில் அவர் கைப்பட எடுத்த ஒரு முடிவையும் அதன் காரணத்தையும் விளக்கச் சொல்லலாம்.