டாட்டா சொல்லிவிட்டே கிளம்புங்கள்

"ஏழு மாதத்தில் சேர்த்தபோது சிரித்துக்கொண்டே போனாளே, இப்போது மட்டும் ஏன் இப்படி அழுகிறாள்?" டே கேர் வாசலில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. இடத்தில் குறை இருக்க வேண்டும் என்பதில்லை. வயதே காரணமாக இருக்கலாம். 8 மாத வாக்கில், கண்ணில் படாத அம்மா வேறெங்கோ இருக்கிறாள் என்பது குழந்தைக்குப் புரிய ஆரம்பிக்கிறது. எப்போது திரும்பி வருவாள் என்பதுதான் தெரியாது. 10 முதல் 18 மாதம் வரை இந்த அழுகை உச்சத்தில் இருக்கும்.

ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று அம்மாவின் துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு வீறிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள ஆயாம்மா கையை நீட்டிப் பிடுங்க மாட்டார். முதலில் குழந்தையின் உயரத்துக்குக் குந்தி, பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "அம்மாவ விட்டு வர மனசே இல்ல, இல்லையா கண்ணு?" என்று மெல்லக் கேட்பார். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் இரண்டு மூன்று மூச்சு பொறுப்பார். பிறகு அம்மாவிடம், "நீங்களே எங்கிட்ட குடுங்கம்மா" என்பார். இதுதான் முக்கியம். அம்மாவே நம்பிக் கொடுத்த கை என்றால் குழந்தைக்கு அந்தக் கையின் மீது பயம் குறையும்.

கைமாறியதும் அம்மா சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "பாப்பா தூங்கி எழுந்து பால் குடிச்சதும் அம்மா வந்துடுவேன்." 'அஞ்சு மணிக்கு' என்றால் அந்த வயதில் புரியாது, பாலும் தூக்கமும் புரியும். ஒரு முத்தம், ஒரு டாட்டா, அவ்வளவுதான்.

நம் வீடுகளில் கைவந்த கலை ஒன்று உண்டு. "அதோ காக்கா பாரு" என்று திசைதிருப்பிவிட்டு அம்மாவை நழுவவிடுவது. அன்றைக்கு அழுகை மிச்சம் என்று தோன்றும். ஆனால் திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம் என்று கண்டுகொண்ட குழந்தை, மறுநாள் காக்காவையும் நம்பாது, ஆயாம்மாவையும் நம்பாது. "அழுதா அம்மா வரமாட்டா" என்ற மிரட்டலோ இன்னும் மோசம். குழந்தை பயப்படுவதே அதற்குத்தான்.

அம்மா போன பிறகுதான் காக்காவுக்கு வேலை. ஆயாம்மா இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நடப்பார், தினமும் அதே இடம், அதே பாட்டு. விசும்பலுக்கு நடுவே குழந்தை தலை தூக்கிச் சுற்றிப் பார்த்தாலோ, பொம்மைக்குக் கை நீட்டினாலோ அடங்கப்போகிறது என்று பொருள். பல குழந்தைகள் பத்து நிமிடத்துக்குள் அந்தக் கட்டத்துக்கு வந்துவிடும். அப்போது அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பினால் அவரும் நிம்மதியாக வேலையைப் பார்ப்பார். மனசு கேட்காமல் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. குழந்தை கண்ணில் பட்டுவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

இரண்டு மூன்று வாரமாகியும் நாள் முழுக்க அழுகை, சாப்பாடு இறங்கவில்லை, யார் தூக்கினாலும் தேறவில்லை என்றால் "போகப் போகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடக் கூடாது. நேரத்தைக் குறைத்து, சில நாள் அம்மாவும் கூட உட்கார்ந்து, தினமும் ஒரே ஆள் வாங்கிக்கொள்ளும்படி மாற்றிப் பார்க்க வேண்டும். அப்படியும் தேறாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.