கடையில் இருக்கும் நம் சரக்கு

சின்னப் பதிப்பகங்கள் பெரும்பாலும் புத்தகக் கடைகளுக்குச் சரக்கை விற்பதில்லை, வைத்துவிட்டு வருகின்றன. விற்றால் கழிவு போகப் பணம், விற்காவிட்டால் புத்தகம் திரும்ப வரும் என்பது பேச்சு. வியாபாரத்தில் இதைக் கன்சைன்மென்ட் என்பார்கள். வீட்டில் ஊறுகாய் போட்டுக் கடைக்குத் தருபவர்களும், சோப்பு செய்து அங்காடிகளில் வைக்கும் மகளிர் குழுக்களும் இதே முறையில்தான் பிழைக்கிறார்கள். விற்கும் வரை சரக்கு கொடுத்தவருடையது. கடைக்காரர் கையில் இருந்தாலும் அது அவர் வாங்கிய சரக்கு அல்ல.

இதில் நொடித்துப்போனவர்களின் நோட்டுகளைப் பார்த்தால், பலவற்றில் இரண்டே விவரங்கள்தான் இருக்கும்: இத்தனை கொடுத்தேன், இவ்வளவு பணம் வந்தது. நடுவில் என்ன நடந்தது என்பதற்குப் பதிவே இல்லை. கடைக்குப் போன ஒவ்வொரு பிரதியும் விற்றிருக்க வேண்டும், அல்லது திரும்பி வந்திருக்க வேண்டும், அல்லது காணாமல் போயிருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் இன்னும் கடையில் இருக்க வேண்டும். இந்த நான்கையும் கூட்டினால் கொடுத்த எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு தாள் விடுபட்டிருக்கிறது, அல்லது ஒரு கட்டு பிரிக்கப்படாமல் கிடக்கிறது.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். புத்தகத்தின் விலை 200 ரூபாய். கடைக்குக் கழிவு 35 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பிரதி ஒன்றுக்குப் பதிப்பகத்துக்கு வர வேண்டியது 130 ரூபாய். ஜூனில் 40 பிரதிகள் போகின்றன. பில் போடக்கூடாது, டெலிவரி சலான்தான் போட வேண்டும். அதில் தேதி, வரிசை எண், புத்தகத்தின் பெயர், எண்ணிக்கை, கழிவு எல்லாம் இருக்கும். கடையில் பிரித்து எண்ணியவர் கையெழுத்துப் போட்ட நகல் நம்மிடம் திரும்ப வர வேண்டும். பார்சல் ஆபீசில் வாங்கிய ரசீது இதற்கு ஈடாகாது. பெட்டி போய்ச் சேர்ந்ததை மட்டுமே அது சொல்லும், உள்ளே 40 இருந்ததா 38 இருந்ததா என்பதைச் சொல்லாது.

ஜூலையில் கடைக்காரர் போனில் கேட்டு இன்னும் 10 பிரதிகள் போகின்றன, வேறொரு சலானில். ஆக, கொடுத்தது 50. ஆகஸ்ட் கடைசியில் கணக்குப் பார்க்க நேரில் போகிறோம். ஐந்து பிரதிகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம், அவற்றில் இரண்டு அட்டை மடிந்து விற்க முடியாத நிலையில் இருக்கின்றன. அலமாரியில் எண்ணினால் 22.

விற்றது எவ்வளவு என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன்பே நமக்கு ஒரு விடை கிடைத்துவிட்டது. 50இல் 5 திரும்பியது, 22 கண்ணெதிரே இருக்கிறது, ஆகவே 23 வெளியே போயிருக்க வேண்டும். கடையின் பில் கணக்கோ 20 விற்றதாகச் சொல்கிறது. இந்த மூன்று பிரதி இடைவெளியைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை ஏற்பாடும். கடைக்காரர் சொல்லும் 20ஐ அப்படியே எழுதிக்கொண்டு, மிச்சம் 25 கடையில் இருக்கிறது என்று கழித்துப் போட்டிருந்தால் கணக்கு அழகாக நேராகியிருக்கும். இல்லாத மூன்று பிரதிகள் வருஷக்கணக்கில் ‘இருப்பு’ என்ற பெயரில் நோட்டில் தொடர்ந்திருக்கும். அதனால்தான் இருப்பைக் கழித்துக் கண்டுபிடிக்காமல் எண்ணித்தான் எழுத வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்கிறேன்.

மூன்று பிரதிகள் குறைந்தால் திருட்டு என்று முடிவுகட்டத் தேவையில்லை. பார்கோடு அடிக்காமல் விலையை மட்டும் தட்டி பில் போடும் கடைகளில், நம் புத்தகம் அதே விலையுள்ள வேறொரு புத்தகத்தின் பெயரில் விற்றிருக்கலாம். அந்தப் புத்தகத்தின் இருப்பு அதற்கேற்பக் கூடுதலாக நிற்கும், பார்த்தால் தெரிந்துவிடும். கிளைக் கடைக்குப் போயிருக்கலாம். கல்லூரி ஒன்றில் போட்ட கண்காட்சிக்கு எடுத்துப்போன பெட்டி குடோனில் பிரிக்கப்படாமல் இருக்கலாம். நம் உதாரணத்தில் அந்தப் பெட்டியில் இரண்டு கிடைத்துவிட்டன என்று கொள்வோம். ஒன்று கிடைக்கவில்லை. காணாமல் போனது யார் கணக்கில் என்பதைச் சரக்கு வைக்கும் முன்பே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். கடையின் பொறுப்பு என்று பேசியிருந்தால் அதுவும் 130 ரூபாய்தான்.

இப்போது விற்றது 20, காணாதது 1, திரும்பியது 5, கடையில் நிற்பது 24. கூட்டினால் 50. கடை தர வேண்டியது 21 பிரதிக்கு 2,730 ரூபாய்.

கடைக்காரர் 2,000 ரூபாய் தருகிறார், மிச்சத்தை அடுத்த மாதம் தருவதாகச் சொல்கிறார். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். 2,000 ரூபாய் வந்ததை வைத்து, கிட்டத்தட்ட 15 பிரதி விற்றதாக எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் விற்றுப்போன ஐந்தாறு பிரதிகள் மறுபடி கடை இருப்பில் ஏறிவிடும். ‘பாக்கி’ என்று ஒரே சொல்லில் சொல்வதில் இரண்டு பாக்கிகள் ஒளிந்திருக்கின்றன. சரக்குப் பாக்கி 24 பிரதிகள், அவை நம்முடையவை, திருப்பி எடுக்கலாம். பணப் பாக்கி 730 ரூபாய், அது கடை நமக்குப் பட்ட கடன். பணம் வந்தால் பணப் பத்தி மட்டும்தான் குறைய வேண்டும், சரக்குப் பத்தியைத் தொடவே கூடாது.

அடுத்த முறை கணக்கு 24இல் தொடங்கும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஜூன் மாதச் சலானை மறுபடி தோண்ட வேண்டியிருக்காது. திரும்பி வந்த ஐந்தில் நல்லது மூன்றுதான் குடோன் இருப்பில் சேரும், மடிந்த இரண்டும் சேதக் கணக்கில் தனியாக நிற்கும். மறுபதிப்பு 250 ரூபாய்க்கு வந்தால் அதைத் தனிப் புத்தகமாகவே பதிய வேண்டும். இல்லையென்றால் பழைய விலைப் பிரதிகள் புது விலையில் திரும்பி வந்ததாகக் கணக்கு ஏறும், பிரதிக்கு 32 ரூபாய் 50 காசு நம் கையிலிருந்து போகும்.

நேரில் போக முடியாத ஊர்களில், குறிப்பிட்ட ஒரு தேதியில் அலமாரியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். ஆனால் அதே வாரத்தில் கடை அனுப்பிய ரிட்டர்ன் பார்சல் லாரியில் வந்துகொண்டிருந்தால், கடையிலும் இல்லை நம்மிடமும் இல்லை என்று அந்தப் பிரதிகள் தொலைந்ததுபோலத் தெரியும். அவற்றுக்கு ‘வழியில்’ என்று ஒரு தனி வரி போட்டு வைத்தால் போதும்.

எவ்வளவு நாள் வரை சரக்கு கடையில் இருக்கலாம் என்பதற்கும் ஒரு கெடு எழுதிக்கொள்வது நல்லது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி வரி இல்லை. வரி உள்ள பொருள்களை விற்றால் வைத்துக்கொள், இல்லையேல் திருப்பு என்று அனுப்பியிருந்தால், சரக்கு வெளியே போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், அதற்குமுன் விற்றிருந்தால் அப்போதே, பில் போட்டாக வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். ஆகவே ஊறுகாய், சோப்பு கொடுப்பவர்கள் ஒவ்வொரு சலானின் வயதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மார்ச் 31 அன்று அந்த 24 பிரதிகளும் பதிப்பகத்தின் கையிருப்பாகத்தான் கணக்கில் வர வேண்டும். அதுவும் 200க்கோ 130க்கோ அல்ல, அச்சடிக்க ஆன விலைக்கு. சலான் போட்ட அன்றே 50 பிரதியையும் விற்பனை என்று எழுதியவருக்கு, வராத 3,770 ரூபாய் வருமானமாக நிற்கும். அந்த வருமானத்தை நம்பி அவர் அடுத்த புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்தும் இருப்பார்.