பிரவுன் முட்டையில என்ன ஸ்பெஷல்?

கடையில வெள்ளை முட்டையை விட பிரவுன் முட்டை விலை அதிகம். சத்தும் அதிகம்னு நம்பித்தான் பலர் வாங்குறாங்க. ஆனா அந்த நிறம் எப்ப வருதுன்னு பாருங்க.

கோழிக்குள்ள ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டவே போயிடும். புரோட்டோபார்ஃபிரின் என்ற பழுப்பு நிறமி பெரும்பாலும் கடைசி சில மணி நேரத்தில்தான் ஓட்டின் மேல் படியுது. மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் அதுக்கு முன்னாடியே உள்ளே ரெடி. வீடு கட்டி முடிச்சு பெயிண்ட் அடிக்கிற கதைதான். வினிகர்ல ஊறவச்சுத் தேய்ச்சா அந்த நிறம் கழன்று வெளுப்பு தெரியும்.

நிறத்தை முடிவு பண்றது கோழியின் இனம். ஒயிட் லெகார்ன் இடுவது வெள்ளை, ரோட் ஐலண்ட் ரெட் இடுவது பிரவுன். பிரவுன் முட்டையிடும் கோழிகள் பொதுவா உடம்பு பெருசு, தீவனமும் கூடுதலா தின்னும். விலை அங்கதான் ஏறுது. புரதம் ரெண்டுலயும் ஒரே அளவு, பெரிய முட்டைன்னா சுமார் 6 கிராம்.

ருசி மாறுதுன்னா அதுக்குக் காரணம் தீவனமும், முட்டை எத்தனை நாள் பழசுங்கறதும்தான். தண்ணீர்ல போட்டுப் பாருங்க: படுத்துக் கிடந்தா புதுசு, நிமிர்ந்து நின்னா பழசு, மிதந்தா ரொம்பவே பழசு.