வேகம் யார் பொறுப்பு?

போயிங் 737 விமானி அறையில், முன்கண்ணாடிக்குச் சற்றுக் கீழே, திருகுகளும் பொத்தான்களுமாக ஒரு நீளமான பலகை இருக்கும். ஆட்டோபைலட்டுக்கு வேலை சொல்லும் இடம் அதுதான். எந்த வேலையைச் சொல்கிறோமோ அதை மட்டுமே அது செய்யும். அந்த ஒவ்வொரு வேலைக்கும் விமானிகள் சொல்லும் பெயர் 'மோட்'.

மிக எளிய மோட், திசையைப் பிடித்து வைப்பது. 270க்குத் திரும்பச் சொல்லிக் கட்டுப்பாட்டு அறை கேட்டால், விமானி திருகை அந்த எண்ணில் வைப்பார். திரையில் HDG SEL என்று பச்சையில் தெரியும். விமானம் சாய்ந்து திரும்பி, மூக்கை மேற்கே வைத்துக்கொள்ளும். பக்கக் காற்று அடித்து விமானம் ஒதுங்கிப் போனாலும் மூக்கு மேற்கே இருந்தால் போதும் என்றே இந்த மோட் இருந்துவிடும். காற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, வகுத்த பாதையிலேயே போக LNAV என்ற வேறு மோட் வேண்டும்.

இறங்கும்போதுதான் கவனிக்க வேண்டிய சிக்கல் வருகிறது. மூக்கைத் தூக்கியும் தாழ்த்தியும் இறங்கும் பாதையைப் பிடிக்கலாம், அல்லது வேகத்தைப் பிடிக்கலாம். இரண்டையும் மூக்கை மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது. ஆகவே வேலையைப் பிரித்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 1,000 அடி இறங்கும்படி V/S மோடில் சொன்னால், அதற்காக மூக்கை அசைப்பது ஆட்டோபைலட். இன்ஜின் நெம்புகோல்களை நகர்த்தி வேகத்தைக் காப்பது ஆட்டோத்ராட்டில் என்ற இன்னொரு கருவி.

ஓடுபாதையை நெருங்கியதும் விமானி APP பொத்தானை அழுத்துகிறார். தரையிலிருந்து வரும் இரண்டு ரேடியோ கற்றைகளில் ஒன்று ஓடுபாதையின் நடுக்கோட்டையும், மற்றொன்று சுமார் 3 பாகைச் சரிவையும் காட்டும். ஆட்டோபைலட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இறங்கும். பனிமூட்டத்தில் தானாகவே தரையிறங்க வேண்டுமானால், 737-ல் இரண்டு ஆட்டோபைலட்களும் சேர்ந்து இயங்க வேண்டும். தரைக்கு ஏறத்தாழ 50 அடியில் FLARE மோட் வந்து மூக்கை மெல்லத் தூக்கும். 27 அடியில் ஆட்டோத்ராட்டில் RETARD மோடுக்கு மாறி, இன்ஜின் விசையை முழுக்கக் குறைத்துவிடும். சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் நடுக்கோட்டிலேயே ஓட்டிச் செல்ல, பெரிய விமானங்களில் ROLLOUT என்ற மோடும் உண்டு. பயணிகளோடு இப்படித் தானாகத் தரைதொட்ட முதல் விமானம், 1965 ஜூன் 10 அன்று லண்டனில் இறங்கிய ட்ரைடென்ட்.

50 அடி, 27 அடி என்பதை விமானம் எப்படி அறியும்? வயிற்றுப் பகுதியிலிருந்து ரேடியோ அலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதை வைத்து உயரத்தை அளக்கும் ரேடியோ உயரமானி இருக்கிறது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

2009 பிப்ரவரி 25 அன்று இஸ்தான்புல்லிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வந்த டர்கிஷ் ஏர்லைன்ஸ் 1951 விமானத்தில், இடப்பக்க உயரமானி 'மைனஸ் 8 அடி' என்று காட்டியது. உண்மையில் விமானம் 2,000 அடிக்குச் சற்றுக் கீழே இருந்தது. ஆட்டோத்ராட்டில் நம்பியது இடப்பக்கத்தை. தரை வந்துவிட்டது என்று முடிவுகட்டி RETARD மோடுக்குப் போய் விசையைக் குறைத்துவிட்டது. இயங்கிக்கொண்டிருந்த ஆட்டோபைலட்டோ வலப்பக்கத்து உயரமானியைப் பார்ப்பது. அதில் பழுதில்லை. எனவே அது சரிவுக் கற்றையைப் பிடித்தபடியே தன் வேலையைத் தொடர்ந்தது.

விமானிகளுக்கு உடனே உறைக்காததற்குக் காரணம் உண்டு. விமானம் சரிவுக் கற்றைக்கு மேலேயிருந்து வேகமாக இறங்கி அதைப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படி இறங்கும்போது இன்ஜின் விசை குறைந்திருப்பது இயல்புதான். கற்றையைப் பிடித்த பிறகு விசை திரும்பக் கூடியிருக்க வேண்டும், கூடவில்லை. வேகம் தேர்ந்தெடுத்த 144 நாட்டுக்கும் கீழே போயிற்று. வேகம் குறையக் குறைய, சரிவை விடக் கூடாதென்று ஆட்டோபைலட் மூக்கை மேலும் மேலும் தூக்கியது. திரையின் மேல்வரியில் RETARD என்ற சொல் அவ்வளவு நேரமும் இருந்தது. தரையிறங்கும் முன் சரிபார்க்க வேண்டியவற்றை அவர்கள் அப்போதுதான் முடித்துக்கொண்டிருந்தார்கள்.

சுமார் 460 அடியில் கட்டுப்பாட்டுத் தண்டு நடுங்கி எச்சரித்தது. துணை விமானி நெம்புகோலை முன்னே தள்ளினார். ஆட்டோத்ராட்டில் இன்னும் இயக்கத்தில் இருந்ததால், கேப்டன் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அது நெம்புகோலைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டது. மறுபடி முழு விசை கொடுக்கப்பட்டபோது இறக்கைகள் தாங்கும் திறனை இழந்திருந்தன. மீள்வதற்கு உயரம் போதவில்லை. ஓடுபாதைக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் முன்னால் வயலில் விழுந்து, விமானம் மூன்றாக உடைந்தது. 135 பேரில் 9 பேர் இறந்தார்கள். விமானி அறையிலிருந்த மூவரும் அவர்களில் அடக்கம்.

அதே விமானத்தில் அதற்கு முந்தைய 8 தரையிறக்கங்களில் இரண்டு முறை அதே பழுது வந்திருந்ததைக் கறுப்புப் பெட்டி காட்டியது. அந்த இரண்டு முறையும் விமானிகள் ஆட்டோத்ராட்டிலைத் துண்டித்து, கையாலேயே விசையைக் கூட்டி இறக்கியிருந்தார்கள்.