நண்பருக்குக் கைமாத்து: ஒரு நோட்டும் மூன்று வருடமும்

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு லட்சம் வேண்டும் என்று நெருங்கிய நண்பர் கேட்கிறார். உங்கள் வங்கிக் கணக்கில் 1,80,000 ரூபாய் இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் 'கொடுத்துவிடலாம்' என்று தோன்றும். ஆனால் அவ்வளவும் கொடுக்கக்கூடிய பணம் அல்ல. வீட்டுச் செலவு மாதம் 30,000 என்றால், மூன்று மாதத்துக்கு 90,000 தொடாமல் இருக்க வேண்டும். ஜூனில் உங்கள் பிள்ளைக்குக் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணம் 40,000. மிஞ்சுவது 50,000. இது திரும்பி வராவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும், பிள்ளையின் படிப்பும் நிற்காது. ஆகவே கொடுக்கக்கூடிய தொகை இதுதான். அவருக்கு எவ்வளவு தேவை என்பதை வைத்துத் தொகையை முடிவு செய்யாதீர்கள். எவ்வளவு போனால் உங்களால் தாங்க முடியும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். கையில் இல்லாத பணத்துக்காக வீட்டு நகையை அடகு வைத்துக் கொடுப்பது, இரண்டு குடும்பங்களைக் கடனில் இறக்குவதாகும்.

முழுத் தொகையும் தர முடியாததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். "என்னால முடிஞ்சது அம்பதுதான்பா. மீதிக்கு வேற வழி பாரு, நானும் விசாரிக்கிறேன்." நல்ல நண்பர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. மீறினால் வாங்கியவருக்கு அந்தத் தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் 'கைமாத்து' என்று ஒரு சொல் போடுங்கள். இல்லாவிட்டால் அது கடனா, அன்பளிப்பா, பழைய பாக்கியா என்ற கேள்வி பின்னால் எழும்.

அடுத்தது புரோநோட்டு. கடைகளில் அச்சிட்ட தாள் கிடைக்கும். 'தாங்கள் விரும்பும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவருக்காவது' பணத்தைத் தருவதாக அதில் வாசகம் இருக்கும். தேதி, ஊர், இருவர் பெயர், தொகை எண்ணிலும் எழுத்திலும், வட்டி உண்டா இல்லையா என்று எல்லாவற்றையும் நிரப்பிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். நண்பர்தானே என்று வெற்றுத் தாளில் வாங்கினால், பின்னர் 'தொகையை நீயே எழுதிக்கொண்டாய்' என்ற சண்டைக்கு இடமாகும். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டி, அதன் மேல் படும்படி அவர் கையெழுத்துப் போட வேண்டும். உரிய ஸ்டாம்பு இல்லாத புரோநோட்டை, பின்னால் அபராதம் கட்டிக்கூட நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது. சாட்சிக் கையெழுத்து கட்டாயமில்லை, இருந்தால் நல்லது.

பலர் கோட்டைவிடுவது காலக்கெடுவில்தான். விரும்பும்போது தருவதாக எழுதிய நோட்டுக்கு, அதன் தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 2025 ஜூன் 10 அன்று எழுதிய நோட்டு 2028 ஜூன் 10 வரை உயிரோடு இருக்கும். 'அடுத்த தீபாவளிக்குத் தர்றேன்' என்று வாயால் சொல்வது அந்தத் தேதியைத் தள்ளிப்போடாது. ஆனால் நண்பர் 2025 செப்டம்பர் 10 அன்று 5,000 ரூபாய் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டின் பின்புறம் 'அசலில் வரவு ரூ. 5,000' என்று தேதியோடு எழுதி அவர் கையெழுத்திட்டால், மூன்று வருடம் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். நீங்களே எழுதி வைத்துக்கொண்ட வரவுக்கு இந்தப் பலன் இல்லை. பணமே தர முடியாவிட்டாலும், கெடு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் போதும்.

இப்படி மூன்று முறை 5,000 தந்தவர், பிறகு போனை எடுப்பதில்லை. பாக்கி 35,000. ஊரெல்லாம் சொல்லிப் புலம்பினால் அவர் இன்னும் ஒதுங்குவார். தனியாக, நேரில் பாருங்கள். மாதம் 2,000 முடியுமா என்று கேளுங்கள். பெரிய தொகையைத் திரட்ட முடியாத வெட்கமே பலரை ஒளிய வைக்கிறது. சிறிய தவணை அவர்களுக்கு முகம் கொடுக்க ஒரு வழி. அதற்கும் அசையவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், பிறகு வழக்கு. 35,000 ரூபாய்க்கு வக்கீல் செலவும் அலைச்சலும் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கட்டுப்படியாகாது என்றோ, அவரிடம் உண்மையிலேயே ஒன்றுமில்லை என்றோ தெரிந்தால், கெடு தீரும்வரை மனதுக்குள் புழுங்க வேண்டாம். முதல் நாளே இந்தப் பணம் போனாலும் தாங்குவோம் என்று கணக்குப் போட்டுத்தானே கொடுத்தோம்? நோட்டை எடுத்துப் போய் அவர் கையில் கொடுத்து, "இனிமே இதைப் பத்திப் பேச்சில்ல" என்று சொல்லிவிடலாம். மறுபடி கடன் தர வேண்டியதில்லை. ஆனால் தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் தலைகுனியாமல் பேசிக்கொள்ளலாம்.