விலை ஏறினால் எத்தனை பேர் வாங்காமல் போவார்கள்?

1914-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஹென்றி மூர் பல ஆண்டுகளின் கச்சா இரும்புக் கணக்கைத் திரட்டி, விலை ஏறும்போது அந்த இரும்பு கூடுதலாகப் போகிறது என்று எழுதினார். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் ரயில் பாதைகளும் கட்டடங்களும் பெருகிய ஆண்டுகளில் இரும்புக்குக் கிராக்கி. அதனால் விலையும் ஏறியது, அளவும் ஏறியது. மந்தமான ஆண்டுகளில் இரண்டும் சேர்ந்தே இறங்கின. விலையைப் பார்த்து வாங்குபவர் என்ன செய்வார் என்பதை அளக்கப் போனவர், நாட்டின் தொழில் நிலவரத்தை அளந்துவிட்டுத் திரும்பினார். மறு ஆண்டே பிலிப் ரைட் என்னும் இன்னொரு பொருளியலாளர் இதைச் சுட்டிக்காட்டினார்.

தீபாவளிக்கு முன் மைசூர்பாகு விலையை ஏற்றிவிட்டு, அப்படியும் இருமடங்கு விற்றதே என்று மகிழும் கடைக்காரர் மூர் விழுந்த அதே குழியில்தான் நிற்கிறார். கடையின் பழைய பில்களிலிருந்து வாடிக்கையாளரின் விலை உணர்வைக் கணக்கிட எக்செல் போதும். விலை எதனால் மாறியது என்பதை மட்டும் எக்செல் சொல்லாது. அது கடைக்காரரின் நினைவிலிருந்துதான் வரவேண்டும்.

கணக்குக்காக, இட்லி மாவு விற்கும் ஒரு கடையை வைத்துக்கொள்வோம். 60 வாரங்களின் பில்கள் இருக்கின்றன. பாக்கெட் விலை ரூ.36-க்கும் ரூ.44-க்கும் இடையில் சில முறை மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விற்பனையும் செவ்வாய்க்கிழமை விற்பனையும் ஒன்றல்ல என்பதால், நாள் கணக்கை விட்டு வாரக் கணக்காகச் சேர்ப்பது நல்லது. வாரத்தின் நடுவில் விலை மாறியிருந்தால் அந்த வாரத்தையே விட்டுவிடலாம். மாவு மாலையிலேயே தீர்ந்துபோன வாரங்களையும் நீக்கவேண்டும். அந்த வாரத்துக் கணக்கு காட்டுவது எவ்வளவு அரைத்தார்கள் என்பதை, எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை அல்ல.

முதல் பத்தியில் வாரம், B-யில் விலை, C-யில் விற்ற பாக்கெட். D-யில் பாக்கெட்டின் மடக்கை, E-யில் விலையின் மடக்கை. பள்ளியில் பயந்த மடக்கை இங்கே வருவதற்குக் காரணம், அது ரூபாய் வித்தியாசத்தைச் சதவீத வித்தியாசமாக மாற்றிக் கொடுப்பதுதான்.

```
D2:  =LN(C2)
E2:  =LN(B2)
     =SLOPE(D2:D61,E2:E61)
```

SLOPE-இல் விற்பனை முதலிலும் விலை பிறகும் வரவேண்டும். மாற்றிப் போட்டால் எண் வரும், அர்த்தம் இருக்காது. கடை பூட்டியிருந்த வாரத்தில் விற்பனை சுழியமாக இருந்தால் #NUM! என்று நிற்கும். வரும் விடை -1.1 என்று கொள்வோம். விலை ஒரு சதவீதம் ஏறினால் விற்பனை ஏறத்தாழ 1.1 சதவீதம் குறைகிறது என்று பொருள். பாடநூல்களில் இதற்குத் தேவையின் விலை நெகிழ்ச்சி என்று பெயர்.

இந்த -1.1-ஐ நம்பலாமா? 60 வாரங்களில் விலை மாறிய ஒவ்வொரு முறையும் காரணம் என்ன என்று எதிரே எழுதிப் பார்க்கவேண்டும். உளுந்து விலை ஏறியதால் மாவு விலையை ஏற்றினார் என்றால், அந்த மாற்றம் கணக்குக்குப் பொன்னானது. உளுந்து மண்டியில் நடப்பதற்கும் அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் இட்லி வார்க்கிறார்கள் என்பதற்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை. ரைட் 1928-இல் வெளியிட்ட நூலில் வெண்ணெய்க்கும் ஆளி விதைக்கும் கையாண்ட வழியின் சாரமும் இதுதான்: வாங்குபவரைத் தொடாமல் விற்பவரின் பக்கத்தை மட்டும் அசைக்கும் காரணத்தைப் பிடிப்பது. பள்ளி விடுமுறையில் கூட்டம் குறைந்ததால் விலையை இறக்கினார் என்றால், அந்த வாரங்கள் கணக்கைக் கெடுக்கும். விலை இறங்கியும் விற்பனை கூடவில்லை என்று தோன்றும்; வாடிக்கையாளர் விலையைப் பொருட்படுத்தாதவர் என்று தவறாகப் படும்.

பண்டிகை, விடுமுறை வாரங்களைத் தூக்கி எறியாமலும் சமாளிக்கலாம். F பத்தியில் அந்த வாரங்களுக்கு 1, மற்றவற்றுக்கு 0 என்று போட்டு, ஐந்து வரிசை, மூன்று பத்தி அளவுக்கு இடம் விட்டு இதை எழுதவேண்டும்:

```
=LINEST(D2:D61,E2:F61,TRUE,TRUE)
```

இதில் பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. LINEST விடைகளைப் பின்னிருந்து முன்னாகத் தருகிறது. முதல் வரிசையின் முதல் எண் பண்டிகையுடையது, இரண்டாவதுதான் விலையுடையது. அதன் கீழே, இரண்டாம் வரிசையில் இருப்பது திட்டப்பிழை. அதன் இரு மடங்கைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால், உண்மையான எண் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பது ஏறத்தாழத் தெரியும்.

எதன் விலை உணர்வை அளக்கிறோம் என்பதும் விடையைத் தலைகீழாக்கும். சிகாகோவில் டொமினிக்ஸ் என்ற மளிகைக் கடைத் தொடர் இருந்தது. அதன் வார விற்பனைக் கணக்குகள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வழியாக ஆய்வாளர்களுக்குக் கிடைத்தன. இன்றும் பல வகுப்பறைகளில் அதன் ஆரஞ்சுச் சாற்றுக் கணக்கை வைத்துப் பாடம் நடக்கிறது. பிராண்டுகளைப் பிரித்து வைத்துப் பார்த்தால், ஒரு பிராண்டின் விலை ஒரு சதவீதம் ஏறும்போது விற்பனை மூன்று சதவீதம் அளவுக்குச் சரிகிறது. பிரிக்காமல் ஒரே குவியலாகப் போட்டால் அந்த எண் பாதியளவுக்குச் சுருங்கிவிடும். விலை கூடிய பிராண்டு தன் பெயராலேயே நன்றாக விற்பதால், விலையின் வேலை மறைந்துபோகிறது.

அதே கடைத் தொடரின் 86 கடைகளில் 26 வகைப் பொருள்களுக்கு அன்றாட விலையை வேண்டுமென்றே மாற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று 1994-இல் வெளிவந்தது. ஒரு வகைப் பொருளின் விலையை மொத்தமாக 10 சதவீதம் ஏற்றியபோது விற்பனை 3 சதவீதம்தான் குறைந்தது. லாபம் 15 சதவீதம் கூடியது. ஒரு பிராண்டு மட்டும் ஏறினால் கை அடுத்த பிராண்டுக்குப் போகிறது. எல்லாமே ஏறினால் பெரும்பாலோர் அலுத்துக்கொண்டே வாங்கிவிடுகிறார்கள். தள்ளுபடி வாரத்து விற்பனையிலும் இதுபோன்ற மயக்கம் உண்டு. சோப்பு மலிவாகக் கிடைத்த வாரத்தில் மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்தவர் அடுத்த மாதம் வரமாட்டார். மாவு புளித்துவிடும் என்பதால் நம் கடைக்காரருக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அவர் கடையிலேயே கம்பெனி மாவு பாக்கெட்டும் விற்றால், அதன் விலையையும் மடக்கையாக்கி G பத்தியில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இனி முடிவெடுக்கலாம். இப்போதைய விலை ரூ.40, அடக்கம் ரூ.28, வாரத்துக்கு 300 பாக்கெட்; லாபம் ரூ.3,600. விலையை ரூ.44 ஆக்கினால் பாக்கெட்டுக்கு ரூ.16 நிற்கும். பழைய லாபம் வர 225 பாக்கெட் போதும். ஆக, விற்பனையில் கால்வாசி போனாலும் நட்டமில்லை. நெகிழ்ச்சி ஏறத்தாழ -3 ஆக இருந்தால்தான் அவ்வளவு போகும். அது -1.1 என்றால் 270 பாக்கெட் விற்கும், லாபம் ரூ.4,320.

திட்டப்பிழை 0.9 என்று வந்தால்? உண்மையான எண் -2.9-க்கும் 0.7-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். எண்ணாக இது மிகவும் மங்கலானது. 60 வாரக் கணக்கிலிருந்து இப்படி வருவது அரிதுமல்ல. ஆனாலும் மோசமான ஓரமாகிய -2.9 கூட -3-ஐத் தாண்டவில்லை. எனவே ரூ.44-க்கு ஏற்றலாம். ரூ.60-க்கு ஏற்றலாமா என்பதற்கு இந்தத் தாளில் பதில் இல்லை. அந்தக் கடை ரூ.44-க்கு மேல் ஒருநாளும் மாவு விற்றதில்லை.