ஏற்றபின் விலகுதல்: அதன் முறையும் காலமும்

எமது கல்லூரியிற் பயின்று, பின்னர் பேராதனை, யாழ்ப்பாணம், கொழும்பு ஆகிய பல்கலைக்கழகங்களில் விஞ்ஞானப் பட்டம் பெற்றோருட் சிலர், கலாநிதிப் பட்டம் நாடி ஐக்கிய அமெரிக்காவுக்குச் செல்வது வழக்கம். அவ்வாறு செல்வோருக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதும் பொறுப்பு எம்மையும் சார்ந்திருந்தது. அக்கடிதங்களை எழுதிய காலத்தில் நாம் கண்ட ஒரு குறையைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றோம். ஓரிடத்தை ஏற்றுக்கொண்டதாக எழுதிக்கொடுத்த பின், வேறோரிடம் கிடைத்ததும், முதலிடத்தாருக்கு ஒரு சொல்லும் சொல்லாது இருந்துவிடுதலே அக்குறை. விலகுதல் குற்றமன்று. விலகுவதற்கு அந்நாட்டிலே வகுத்த ஒரு வழியுண்டு. அதற்கு ஒரு நாளுமுண்டு.

அந்நாள் ஏப்பிரல் 15. ஐக்கிய அமெரிக்காவிலுள்ள பட்டப்பின் கல்விநிலையங்களின் பேரவை வெளியிட்ட தீர்மானம் ஒன்று அத்திகதியின் பெயராலேயே வழங்குகின்றது. மிகப் பல பல்கலைக்கழகங்கள் அதற்கு உடன்பட்டுள்ளன. அதன் கருத்து இதுவே: பண உதவியோடு கூடிய இடமொன்று அளிக்கப்பட்டால், அதற்கு ஏப்பிரல் 15க்கு முன் விடை கூறும்படி மாணவரை நெருக்குதல் ஆகாது. மாணவர் முன்னரே ஏற்றிருந்து, பின் மனம் மாறினால், அந்நாள் வரை எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம். அந்நாளைக் கடந்தும் நிலைக்கும் சம்மதம் இரு பகுதியாரும் காக்கவேண்டிய உடன்பாடாகக் கருதப்படும். பண உதவியில்லாத வெறும் அனுமதிக்கு இத்தீர்மானம் பொருந்தாது. பிரித்தானியாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ இதனோடு தொடர்பில்லை. தீர்மானத்தின் வாசகம் காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டிருப்பதால், தமக்கு வந்த கடிதத்தோடு இணைந்திருக்கும் வாசகத்தையே மாணவர் படித்தல் வேண்டும். அவ்விணைப்பைத் திறந்தும் பாராதோரே பெரும்பாலார் என்பது எமது அனுபவம்.

ஒருவர் விலகுவதால் மறுபக்கத்தில் என்ன நிகழ்கின்றது என்பதை அறியாமையே மௌனத்துக்கு முதற் காரணம். ஆகவே, இரசாயனவியற் பட்டதாரி ஒருவரை எடுத்துக்கொண்டு நாள் நாளாகப் பார்ப்போம். அவர் மார்ச்சு இறுதியில் ஒரு துறையிலிருந்து கற்பித்தல் உதவியாளர் பதவியோடு கூடிய இடத்தைப் பெறுகின்றார். கல்விக் கட்டணம் இல்லை, உதவிப்படி உண்டு, அதற்கு ஈடாக வாரத்துக்கு இருபது மணித்தியாலம் வரை முதலாண்டு மாணவரின் ஆய்வுகூட வகுப்பை நடத்துதல் அவர் கடமை. ஏப்பிரல் 2இல் அவர் ஏற்கின்றார். ஏப்பிரல் 10இல், தாம் பெரிதும் விரும்பிய பேராசிரியர் இருக்கும் இன்னொரு துறையிலிருந்து அழைப்பு வருகின்றது.

முதலாவது துறைக்கு அவ்வாண்டு பத்துப் பேர் தேவை என்று கொள்வோம். பலர் மறுப்பர் என அறிந்து, அத்துறை பத்துக்கு மேற்பட்டோருக்கு இடமளித்திருக்கும். அதன் கீழே காத்திருப்போர் பட்டியல் ஒன்றும் இருக்கும். எமது நண்பர் ஏப்பிரல் 10ஆம் நாளிலேயே விலகல் கடிதத்தை அனுப்பினால், பொறுப்பான பேராசிரியர் மறுநாளே பட்டியலின் முதலாமவருக்கு எழுதுவார். அம்முதலாமவர் இன்னும் எங்கும் சேர முடிவு செய்யாதிருப்பார். அவருக்கு ஓர் இடம் கிடைக்கின்றது, துறைக்கு ஒரு மாணவர் கிடைக்கின்றார், ஒருவர்க்கும் நட்டமில்லை.

அதே கடிதம் ஏப்பிரல் 20இல் போய்ச் சேருமாயின் நிலை வேறு. பட்டியலில் இருந்தோர் பதினைந்தாம் நாளோடு தத்தமக்குக் கிடைத்ததை ஏற்று அமைந்துவிட்டனர். அவர்களுள் ஒருவர் உதவிப்படியில்லாத இடத்தை ஏற்றுக் கடன் வாங்கியிருக்கலாம். ஒருவர் இவ்வாண்டு வேண்டாமென்று விட்டிருக்கலாம். யூன் மாதத்திலெனின், பட்டியலில் எவரேனும் எஞ்சியிருப்பினும் அவர் வெளிநாட்டவரானால் ஐ-20 படிவம் பெற்று, விசா நேர்முகத்துக்கு நாள் பெற்று, ஓகத்து நடுப்பகுதிக்குள் சென்று சேர்வது அரிது. ஓகத்திலெனின் மாணவரை அன்று, ஆய்வுகூட வகுப்புக்கு ஆளையே தேடவேண்டிய நிலை. உதவியாளர் ஒருவரிடம் பெரும்பாலும் இரு வகுப்புக்கள் ஒப்படைக்கப்படும். வகுப்பொன்றில் இருபது பேரளவில் இருப்பர். அவ்வேலையை மூத்த மாணவர் எவரேனும் தம் ஆராய்ச்சியை நிறுத்திச் சுமக்க நேரும்.

செயல் ஒன்றே, நாளைப் பொறுத்து அதன் விலை ஏறுகின்றது. அவ்விலையைக் கொடுப்பவர் விலகியவரல்லர், பட்டியலில் இருந்த ஒருவர். அவர் எமது நாட்டவராக, எமது கல்லூரியின் வேறோர் ஆண்டு மாணவராகவே இருத்தலும் கூடும்.

நாம் அறிந்த ஒரு சம்பவம். மாணவர் ஒருவர் ஏப்பிரலில் ஒரு துறையை ஏற்று, மே மாதத்தில் வேறொன்றைத் தேர்ந்து, முதலாவது துறைக்கு ஒன்றும் எழுதாதிருந்தார். அத்துறையின் அலுவலர் தங்குமிடம் பற்றி யூலையில் இருமுறை எழுதினார். அதற்கும் விடையில்லை. வகுப்பு ஆரம்பமாகும் வாரத்திலேதான் உண்மை வெளிப்பட்டது. மறு ஆண்டு அதே துறைக்கு விண்ணப்பித்த வேறொரு மாணவருக்காக நாம் எழுதிய கடிதத்துக்கு, அங்குள்ள பேராசிரியர் மரியாதையாகவே ஒரு வினாவை அனுப்பினார்: "இவர் ஏற்றால் வருவாரா?" அவ்வினாவுக்கு உறுதி கூற நாம் கூசினோம். அம்மாணவருக்கு அங்கு இடம் கிடைக்கவில்லை. இதுவே காரணம் என்று நாம் துணிந்து சொல்லமாட்டோம். ஆயினும் அன்று முதல், கடிதம் எழுதுமுன் இவ்விடயத்தை மாணவரோடு பேசிக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், இரு விடைகள் வரும். ஒன்று, விசா மறுக்கப்பட்டால் என்ன செய்வது, இரண்டும் கையில் இருக்கட்டும் என்பது. இது பயனற்ற காவல். மாணவர் விசா மறுக்கப்படுவது பெரும்பாலும் விண்ணப்பதாரரின் நிலைமை பற்றியதேயன்றி, அவர் சேரும் பல்கலைக்கழகம் பற்றியதன்று. ஒன்றுக்கு மறுத்ததை மற்றதற்குக் கொடுப்பர் என எதிர்பார்க்க இடமில்லை. அன்றியும் ஐ-20 படிவம் கல்விநிலையத்துக்குக் கல்விநிலையம் வேறு. விசாவிலும் அந்நிலையத்தின் பெயர் பொறிக்கப்படும். இரண்டு படிவங்களை வைத்திருந்து ஒன்றில் விசா பெற்று மற்றதிற் சென்றிறங்க முயல்வோர், விமான நிலையத்திலே தடுமாறுவர்.

மற்ற விடை, முகத்திலடித்தாற்போல் எப்படிச் சொல்வது என்பது. இதனை நாம் எள்ளி நகையாடமாட்டோம். கலியாணத்துக்கு அழைப்பவரிடம் வரமாட்டேன் என்று சொல்லும் வழக்கம் எம்மிடம் இல்லை. "பார்ப்போம்" என்போம், அழைத்தவரும் பொருளை உணர்ந்துகொள்வார். அங்கே மௌனத்துக்கு அப்பொருளில்லை. ஏற்றவர் மௌனமாயிருந்தால் வருகின்றார் என்றே கொள்வர், அவர் பெயரை வகுப்பு அட்டவணையில் எழுதுவர், மேசையும் ஒதுக்குவர். எமது மரியாதை அவர்களுக்கு ஏமாற்றமாய் முடிகின்றது.

இனி, செய்யும் முறை. முதலில், இரண்டாவது இடம் எழுத்திலே, உதவிப்படியின் தொகையோடும் ஆண்டுக் கணக்கோடும் கையிற் கிடைத்திருத்தல் வேண்டும். பேராசிரியர் ஒருவர் தொலைபேசியிற் கூறிய நல்வார்த்தையை நம்பி முதலிடத்தை விடுதல் பேதைமை. கடிதம் வந்ததும், இரண்டாவதை ஏற்குமுன் முதலாவதிலிருந்து விலகவேண்டும். வரிசையை மாற்றின், சில மணித்தியாலமேனும் இரு துறைகளுக்கும் வாக்குக் கொடுத்தவராய் நிற்போம். விலகற் கடிதத்தை அனுமதிக் கடிதத்திற் கையொப்பமிட்ட பேராசிரியருக்கு அனுப்பி, துறை அலுவலருக்கும், ஏற்கெனவே எம்மோடு ஆராய்ச்சி பற்றி எழுதிவந்த ஆசிரியருக்கும் பிரதியிடவேண்டும். இணையத்தளத்தில் பொத்தானை அழுத்தி ஏற்றவர், அங்கும் அதனை மாற்றவேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. பொத்தானை ஒருவரும் பாராதிருத்தல் கூடும்.

கடிதம் நீளவேண்டியதில்லை. தமிழிற் கூறின் அதன் பொருள் இவ்வளவே: "ஏப்பிரல் 2இல் தங்கள் துறையின் இடத்தையும் கற்பித்தல் உதவியாளர் பதவியையும் ஏற்றிருந்தேன். இன்று அச்சம்மதத்தை மீளப்பெற்று விலகிக்கொள்கின்றேன். என் ஆராய்ச்சி விருப்பத்துக்கு நெருங்கிய வேறோர் இடத்தை ஏற்க முடிவுசெய்துள்ளேன். இவ்விடத்தைப் பிறருக்கு அளிக்கலாம். எனக்காகச் செலவிட்ட நேரத்துக்கு நன்றியும், ஏற்பட்ட சிரமத்துக்கு வருத்தமும் தெரிவிக்கின்றேன்." "விலகிக்கொள்கின்றேன்" என்பதே இதன் உயிர். "விலக யோசிக்கின்றேன்" என்று எழுதினால் துறை காத்திருக்கும். பட்டியலில் உள்ளவரும் காத்திருப்பார். உதவிப்படியைக் கூட்டினால் வருவேன் என்ற குறிப்பும் இதிற் கலத்தல் ஆகாது. பேரம் பேசுவதாயின் அது ஏற்குமுன் பேசவேண்டியது.

நேரத்தையும் கணித்துக்கொள்ளல் வேண்டும். ஏப்பிரல் 13, 14 எமக்குப் புத்தாண்டு விடுமுறை. வீட்டிற் கைவிசேடமும் விருந்தினருமாய் இருக்கும்போதுதான் அங்கே இறுதித் தீர்மானங்கள் நடக்கின்றன. அந்நாட்டின் கிழக்குக் கரையில் 15ஆம் நாள் மாலை 5 மணியாகும்போது எமக்கு 16ஆம் நாள் அதிகாலை 2.30. மேற்குக் கரையெனின் 5.30. இந்த இடைவெளி எமக்குச் சாதகமே. எனினும் கடைசி மணிவரை வைத்திருந்தால், பட்டியலில் உள்ளவருக்கு அவ்விடத்தைக் கொடுக்க அத்துறைக்கு நேரமிராது.

பதினைந்தாம் நாளுக்குப் பின் விலக நேரின், அது வேறு விடயம். வீட்டில் நோய், சாவு போன்ற தவிர்க்கமுடியாத காரணமெனின், அன்றே உண்மையைச் சொல்லி எழுதினால் பெரும்பாலான துறைகள் இரங்கும். மேலான இடம் கிடைத்ததே காரணமெனின், முதலாவது துறையிடம் விடுவிக்கும்படி கேட்டு, அவர்கள் எழுத்தில் விடுவித்த பின்னரே மற்றதை ஏற்றல் முறை. விடுவிக்க மறுத்துப் பிடித்துவைத்த துறையை நாம் கண்டதில்லை. கேளாது போனவரை மறவாத துறையைக் கண்டிருக்கின்றோம்.

விலகற் கடிதத்துக்கு விடை வரும்வரை காரியம் முடியவில்லை. நான்கைந்து நாளில் வராவிடின் மீண்டும் எழுதுக. அவ்விடையோடு, முதலாவது நிலையம் வழங்கிய ஐ-20 படிவம் இரத்துச் செய்யப்பட்டதா என்பதையும் கேட்டறிக. அதன் இலக்கத்துக்குக் கட்டணம் செலுத்தியிருப்பின், புதிய இலக்கத்துக்கு மாற்றும்படி விண்ணப்பிக்கலாம், இருமுறை செலுத்தவேண்டியதில்லை. பின்னர், சிபாரிசுக் கடிதம் எழுதிய ஆசிரியர்களுக்கும் ஒரு வரி எழுதுக. எங்கே சேர்ந்தீர்கள் என்பதை முகநூலிற் கண்டறிந்தவர்களுள் நாமும் ஒருவர்.